அவர் பேனாவை மூடிய இடம்

எண்பதுகளின் நடுவில், ஆட்குறைப்பு என்ற சொல் எல்லோர் வீட்டிலும் புழங்கத் தொடங்கிய காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி அறையில் நானும் என் மனைவியும் சனிக்கிழமைகளில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தினோம். வேலை இழந்தவர்கள் வருவார்கள். என் மனைவி கேள்வி கேட்பாள். முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் பாடம் சொன்ன குரல் அவளுடையது. அந்தக் குரலுக்கு முன்னால் எவரும் வளைந்து உட்கார மாட்டார்கள். நான் சற்றுத் தள்ளி ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருப்பேன். அரசாங்கப் பணியில் இருந்தபோது எத்தனையோ தேர்வுக் குழுக்களில் நான் அமர்ந்தவன். ஆனாலும் அந்த அறையில் வாயைத் திறப்பதில்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

என் வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, கருவியின் எண்காட்டியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கேள்வியும் எந்த எண்ணில் வருகிறது என்று குறிப்பேன். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பதிலைச் சொன்னது சொன்னபடி எழுதுவேன். அதன்பின் ஒரே ஒரு தாள். மேலே வலுவான பதில்கள், நடுவில் பலவீனமான பதில்கள், கீழே பயிற்சி. வலுவானவை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. எது ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று தெரியாதவர், திருத்தப் போகிறேன் என்று நல்லதையும் சேர்த்து மாற்றிவிடுவார்.

தாளை எழுதுபவன் நான் என்றாலும் அதன் சட்டங்கள் அவளுடையவை. முதன்முதலில் நான் எழுதிய தாளில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று ஒரு வரி இருந்தது. அவள் அதைப் பேனாவால் அடித்தாள்.

"இஞ்சேருங்கோ, குணத்தை எழுதாதேங்கோ. நடந்ததை எழுதுங்கோ. தன்னம்பிக்கை குறைவு எண்டு சொன்னால் அந்தப் பிள்ளை வீட்டை போய் என்ன செய்யிறது? கடையில வாங்கிறதோ?"

அதன்பின் நான் நடந்ததையே எழுதினேன். இந்தக் கேள்விக்குப் பின் நீண்ட மௌனம்; பதில் 'மன்னிக்கவும்' என்று தொடங்கியது; கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. பலவீனமான பதில் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பயிற்சி இருந்தாக வேண்டும். பயிற்சி இல்லாத குறையைத் தாளில் ஏற்றக் கூடாது என்பாள். அது வசவு, சுருக்கக் குறிப்பு அல்ல என்பது அவள் கணக்கு.

கிள்ளானிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பதை நெருங்கிய வயது. சுங்கை வேயில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பள்ளி முடித்ததிலிருந்து வேலை செய்து, பல பெண்கள் உட்காரும் உற்பத்தி வரிசை ஒன்றுக்குத் தலைவியாக, அவர்கள் சொல்லும் லைன் லீடராக, உயர்ந்தவர். அந்த வரிசையே மூடப்பட்டது. கணவர் பந்திங் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்தில் ஒரு கால் விளங்காமல் போய் வீட்டில் இருந்தார். ஆகவே வீட்டுக்குள் சம்பளம் வருவதென்றால் அது இவர் வழியாகத்தான் வர வேண்டும். கிள்ளானுக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்:

"டீச்சர், எனக்கு வேல தெரியும். பேசத்தான் தெரியாது லா."

"பேசத் தெரியாதெண்டு இப்ப எவ்வளவு வடிவாப் பேசினீர்," என்றாள் என் மனைவி.

தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. இடையில் சிறிது மலாய். இங்கே தமிழில் தருகிறேன். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, "மன்னிக்கவும், என்னை நிறுத்திவிட்டார்கள்," என்று தொடங்கி, குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பது போல் நெடுநேரம் சொன்னார். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால், "நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்." உங்கள் குறை என்ன என்ற கேள்விக்கு, கணவரின் காலைப் பற்றிச் சொன்னார்.

பிறகு அவள் கேட்டாள்: "வேலையில் நீங்களே ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்த சமயத்தைச் சொல்லுங்கள்."

இந்தக் கேள்விக்கு மௌனம் இல்லை. ஒரு நாள் உருப்பெருக்கியில் பார்த்தபோது, சில்லுகளில் ஒட்டிய மெல்லிய கம்பிகள் சில தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறார். பொறியாளரிடம் போய்ச் சொன்னார். சரக்கு அன்றைக்கே கப்பலேற வேண்டும், ஓடட்டும் என்றார் அவர். இவர் திரும்பி வந்து இன்னும் சிலவற்றை எடுத்துப் பார்த்தார். அதே குறை. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தி வரிசையை நிறுத்திவிட்டார். பொறியாளர் கத்தினார். தரப் பரிசோதனைக்காரர்கள் வந்து பார்த்து, அந்தத் தொகுதியில் பெரும்பகுதியை ஒதுக்கினார்கள். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னவர், கடைசியில் தன்னை மறந்து தமிழுக்கு வந்துவிட்டார்.

"அந்த வருசம் டின்னர்ல என்னை மேடைக்குக் கூப்புட்டு ஒரு சொவர்க் கடிகாரம் குடுத்தாங்க டீச்சர். அது இன்னும் ஓடுது. ஃபேக்டரிதான் நின்னு போச்சி."

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அந்த இருமல் எதனுடையது என்று அந்த அறையில் இருவருக்குத் தெரியும்; அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு, பதிவு ஓடிக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னாள்:

"இந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு இடத்திலயும் எழும்பி வரக் கூடாது. விளங்குதோ?"

அன்று மாலை வீட்டில் அவள் படுத்திருக்க, நான் பக்கத்தில் மேசையைப் போட்டு எழுதினேன். என் வரைவில் பலவீனமான பதில்கள் ஒன்பது இருந்தன. படித்துக் காட்டினேன்.

"ஒன்பதோ? நீங்கள் என்ன, அரசாங்கத்துக்கு அறிக்கையோ எழுதுறியள்? மூண்டு போதும். ஒன்பதைக் குடுத்தால் அவ ஒண்டையும் செய்ய மாட்டா."

"மற்ற ஆறும் பிழை இல்லையோ?"

"பிழைதான். அடுத்த சனிக்கிழமையும் வரும்தானே."

மூன்றாகக் குறைத்தேன். வேலை போன காரணத்தை 'மன்னிக்கவும்' என்ற சொல் இல்லாமல் இரண்டே வாக்கியத்தில் சொல்லிப் பழகுவது: வரிசை மூடப்பட்டது, அதில் இருந்த எல்லோரும் நிறுத்தப்பட்டோம். சம்பளக் கேள்விக்கு, அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று இருவரிடம் விசாரித்துவிட்டு, ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்வது. குறை பற்றிய கேள்விக்கு, வேலையைச் சேர்ந்த ஒரு குறையையும் அதைத் திருத்த இப்போது செய்துவருவதையும் சொல்வது. ஒவ்வொன்றையும் பதிவு செய்து, தானே கேட்டு, மறுபடி சொல்ல வேண்டும். அதற்காக மறு சனிக்கிழமை அவரிடம் தாளோடு கருவியையும் கேசட்டையும் கொடுத்தனுப்பினோம். எங்களிடம் பழைய கருவி இன்னொன்று இருந்தது. எண்காட்டி ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் ஒத்துப்போவதில்லை என்பதால், தாளில் எண்ணோடு, ஒவ்வொரு பதிலின் முதல் சில சொற்களையும் அவர் சொன்னபடியே எழுதிவைத்தேன்.

வலுவான பதில்களின் தலைப்பில் வரிசையை நிறுத்திய கதை முதலாவதாக நின்றது. என்ன நடந்தது, என்ன செய்தார், என்ன விளைந்தது என்ற மூன்றும் அதில் இருந்தன. யாரையும் தூற்றவில்லை. தன்னைப் புகழவில்லை. 'ஒன்றையும் மாற்ற வேண்டாம்' என்று எழுதினேன். என் மனைவி அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள்.

அடுத்த சனிக்கிழமைகள் சில நடந்தன, பிறகு நடக்கவில்லை. அவள் மருத்துவமனையில் இருந்ததைப் பற்றி இங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அவளுடைய இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண்மணி கிள்ளானிலிருந்து வந்து, பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, சடங்குக்கு வந்த உறவினர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் முற்பகலில் அவர் வீட்டுக்கு வந்தார். கையில் எங்கள் கேசட்டும், மடித்து மடித்து நைந்த அந்தத் தாளும் இருந்தன. துக்கம் கேட்டார். நான் உட்காரச் சொன்னேன். தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார்:

"சார், இந்த நேரத்துல வந்து கேக்குறேன்னு நெனைக்காதீங்க."

"கேளுங்கள்."

"ரெண்டு எடத்துல இன்டர்வியூ போனேன். ரெண்டும் கிடைக்கல."

மூன்று பயிற்சிகளையும் செய்தீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது போலிருந்தது.

"செஞ்சேன் சார். எங்க வீட்டுக்காரரு மனப்பாடமா சொல்லுவாரு, அவ்வளவு தடவ செஞ்சேன். பக்கத்து வீட்டு அக்கா கேக்குது, என்ன தெனமும் ரேடியோவுல ஒன்னையே வேலையவிட்டு நிறுத்துறாங்கன்னு. அதெல்லாம் நல்லா சொன்னேன் சார். சம்பளமும் சொன்னேன். அவரு தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு."

"பிறகு?"

"நீங்கதானே தாள்ல எழுதுவீங்க, எந்த எடத்துல என்ன நடந்துச்சின்னு. நானும் அப்படியே பார்த்தேன். மொத எடத்துல மேனேஜர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வந்தாரு. இந்தக் கத சொன்னேன். லைன நிறுத்தினேன்னு சொன்னதும் பேனாவ மூடி வச்சிட்டாரு. 'இங்கயும் நிறுத்துவீங்களா'ன்னு கேட்டாரு. தப்பு இருந்தா நிறுத்துவேன் சார்னு சொன்னேன். சிரிச்சாரு. லெட்டர் போடுறோம்னாரு. லெட்டரே வரல."

"அது ஒருவருடைய குணமாக இருக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாவது எடத்துல வேற ஆளு, வயசானவரு, ரொம்ப மரியாத. அவரும் அதே எடத்துலதான் சார் பேனாவ மூடினாரு."

தேர்வுக் குழுக்களில் அமர்ந்த காலத்தில் நானும் பேனாவை மூடியிருக்கிறேன். விண்ணப்பதாரர் பொய் சொல்லும்போது, அல்லது ஒன்றும் சொல்லாதபோது. ஒரு மனிதர் தன் வேலையின் மிகச் சிறந்த செயலைச் சொல்லும் இடத்தில் பேனாவை மூடும் மேலாளரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கொண்டுவந்தது புலம்பல் அல்ல. இரண்டு இடத்தில், இரண்டு ஆளிடம், ஒரே வாக்கியத்தில் நடந்ததைக் கவனித்துக் கொண்டுவந்திருந்தார். என் மனைவி கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள்.

"அடுத்த வாரம் இன்னொரு ஃபேக்டரியில கூப்புட்டிருக்காங்க," என்றார். "இத கீழ எறக்கிக் குடுங்க சார். வீக் ஆன்சர்ல போடுங்க. போட்டு, இத எப்படி சொல்லாம இருக்கிறதுன்னு ஒரு பயிற்சி எழுதிக் குடுங்க. எனக்கு அந்தக் கேள்வி வந்தாலே வாய் தானா அதுக்குப் போயிடுது. டீச்சர் சொன்னது காதுல நிக்குது."

"அது பலவீனமான பதில் இல்லை," என்றேன்.

"தெரியும் சார்."

"இதை எடுத்துவிட்டால் உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சம்பளம் இருக்கும் சார்," என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. மாற்றி எழுதுவதானால் பழைய பதிலை முதலில் கேட்க வேண்டும். எந்த வாக்கியத்தில் கதை திரும்புகிறது என்று பார்த்தால்தான் அங்கே வேறொன்றை வைக்க முடியும். வீட்டில் இருந்த பழைய கருவியில் கேசட்டைப் போட்டேன். என் மனைவி கேட்டாள்: வேலையில் நீங்களே ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்த சமயத்தைச் சொல்லுங்கள். அவள் போன பிறகு அந்தக் குரல் வீட்டில் கேட்டது அதுவே முதல் முறை.

"நிறுத்தட்டுமா சார்?" என்று அந்தப் பெண்மணி கையை நீட்டினார்.

"வேண்டாம். ஓடட்டும்."

பதில் முழுவதும் ஓடியது. கடிகாரம் வந்தது. சிரிப்பு வந்தது, இருமல் வந்தது, தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்கும் ஒலி வந்தது. எழும்பி வரக் கூடாது, விளங்குதோ என்று கேட்டது. அப்போதுதான் நிறுத்தினேன்.

"இதுலயே மறுபடி ரெக்கார்ட் எடுக்கலாம் சார், இதோட பின்பக்கம் பூரா நான் பயிற்சி எடுத்ததுதான்," என்றார்.

கேசட்டை வெளியே எடுத்தேன். அதன் முதுகில், இரண்டு மூலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. அதை உடைத்துவிட்டால் எந்தக் கருவியும் அதன்மேல் மறுபடி பதிவு செய்யாது. வீட்டுச் சாவியின் நுனியால் இரண்டையும் உடைத்தேன். அலமாரியில் புதுக் கேசட் ஒன்று இருந்தது, அதைப் போட்டேன்.

அந்தக் கேள்விக்கு வேறு ஒரு பதில் வேண்டும். வெறுமனே சொல்லாமல் விட்டால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். வேறு எதையாவது தீர்த்து வைத்தீர்களா என்று கேட்டேன். யோசித்தார். மிகுதி நேர வேலையை யார் எடுப்பது என்று இரண்டு பெண்கள் சண்டையிட்டு, வரிசையே தாமதப்பட்ட ஒரு வாரம் இருந்ததாம். இவர் முறை வைத்துப் பங்கிட்டு, இருவரையும் எட்ட எட்ட உட்காரவைத்தாராம்.

"அதெல்லாம் ஒரு முடிவா சார்? பாலர் பள்ளியில செய்யுற வேல."

"அதைத்தான் சொல்லப் போகிறீர்கள்."

கேள்வியை நான் கேட்டேன். அவள் கேட்ட சொற்களிலேயே கேட்டேன். வேறு சொற்கள் என்னிடம் இல்லை. முதல் முறை அவர் சண்டையில் தொடங்கி, சிவப்புப் பொத்தானில் போய் நின்றார். இரண்டாம் முறை பாதியில் நிறுத்திக்கொண்டு, "வந்துடுச்சி சார், தொண்ட வரைக்கும் வந்துடுச்சி," என்று சிரித்தார். கேட்டுப் பார்த்தோம். எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிந்தது: 'அப்போது பொறியாளர்' என்று சொன்னால் போதும், கதை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சொல்லையே எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் 'நான் இருவரிடமும் பேசினேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சுத்தமாக வந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடந்தது, செய்தது, விளைந்தது என்று மூன்றும் இருந்தன. மன்னிப்பு இல்லை, தடுமாற்றம் இல்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவைக்கும் ஒரு சொல்கூட இல்லை.

புதுத் தாள் எழுதினேன். வலுவான பதில்கள்: இரண்டு பணியாளர்களின் சண்டையைத் தீர்த்தது. பலவீனமான பதில்கள் என்று தலைப்பிட்டேன். அதன் கீழே வரிசையை நிறுத்தியது என்று எழுத வேண்டும், எழுதவில்லை. இடத்தை வெறுமையாக விட்டு, அடுத்த தலைப்புக்குப் போனேன். பயிற்சி: முடிவு பற்றிய கேள்விக்கு, பொறியாளர் என்ற சொல் வராமல், தினமும் பதிவு செய்து கேட்கவும். அவர் தாளை வாங்கிப் படித்தார். வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போதும் கேட்டால் அந்தப் பதிலை நான் வலுவான பதில் என்றே வைப்பேன். அதைக் கேட்க ஆளில்லாமல் போனது பதிலின் குறை அல்ல. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

வேலை கிடைத்தது. அடுத்த பொங்கலுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கொடுத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்க வந்தார். உடம்பு சற்றுத் தேறியிருந்தது. கணவருக்கு ஊன்றுகோலோடு கடைவரை நடக்க முடிகிறது என்றார். பேனா மூடப்படவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல சார். கடைசி வரைக்கும் எழுதினாரு. கை கொடுத்தாரு. குட் ஆன்சர்னு சொன்னாரு."

வேலை எப்படி என்று கேட்டேன். நன்றாகப் போகிறது என்றார். பீங்கான் கை அச்சுகள் வரிசையாக ரப்பர்ப் பாலில் முங்கி எழும்பி வருவதையும், அவற்றிலிருந்து கையுறையை உரித்தெடுப்பதையும், சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதையும் கையால் காட்டிச் சொன்னார். வேலையைப் பற்றிப் பேசும்போது அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. பிறகு குரல் சற்று இறங்கியது.

"போன வாரம் ஒரு லாட்டுல சொட்டிக்கிட்டே இருந்திச்சி சார். ஒன்னு ரெண்டுன்னா பரவால்ல. எடுக்குறதெல்லாம் சொட்டுது. போய் சொன்னேன். கண்டெய்னர் துறைமுகத்துல நிக்குது, விடுன்னாரு."

"யார்?"

அவர் சிறிது தயங்கினார். "இஞ்சினியர்," என்றார்.

தேநீர் போட எழுந்தவன் நின்றேன்.

"நிறுத்தவில்லையா?"

"இல்ல சார்." பிறகு குத்தலோ கோபமோ இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் குரலில் சொன்னார்: "கை பட்டன் வரைக்கும் போச்சி. திரும்பி வந்துடுச்சி. நல்லா பழகியிருக்கேன் போல."

"அந்தக் கையுறைகள் எங்கே போகின்றன?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் சார். வேற எங்க."

தேநீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார். கருவியின் மின்கலங்களைப் புதிதாக மாற்றிக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எடுத்துக் காட்டவும் செய்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"சார், டீச்சர் சிரிச்ச டேப்பு இருக்கா? ஒரு தடவ போடுறீங்களா? அந்தக் கடிகாரக் கதைய நான் சொன்னத கேக்கணும் போல இருக்கு."

இருக்கிறது என்றேன். போடவில்லை. சிரிப்புக்குப் பிறகு அந்தக் குரல் 'விளங்குதோ' என்று எங்கள் இருவரையும் கேட்கும்.